கட்டணச் சீட்டு காட்டாத பாதி: பட்டப்படிப்பின் முழுச் செலவும் கடனின் அளவும்

ஆண்டுதோறும் கலந்தாய்வுக் காலம் தொடங்கியதும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: இந்தக் கல்லூரிக்கு எவ்வளவு ஆகும்? பெரும்பாலானோர் கல்லூரியின் இணையதளத்தில் கல்விக் கட்டணத்தைப் பார்த்து, அதை நான்கால் பெருக்கி, அந்தத் தொகையை மனத்தில் கொண்டு வங்கிக்குச் செல்கின்றனர். இரண்டாம் ஆண்டின் நடுவில்தான் கணக்கு பொருந்தவில்லை என்பது தெரியவருகிறது. அப்போது கடனை உயர்த்துவதும் எளிதன்று. படிப்பை நிறுத்துவதும் இயலாது.

அமெரிக்காவில் மத்திய அரசின் மாணவர் நிதியுதவியைப் பெறும் கல்லூரிகள், கட்டணத்துடன் தங்குமிடம், உணவு, புத்தகம், போக்குவரத்து, சொந்தச் செலவு ஆகியவற்றையும் சேர்த்து ‘படிப்பின் முழுச் செலவு’ என ஒரு மதிப்பீட்டை உருவாக்கியாக வேண்டும். நிதியுதவியும் கடன் வரம்பும் அந்த எண்ணை ஒட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. நம் கல்வி நிறுவனங்கள் கட்டணங்களை வெளியிடுகின்றனவே தவிர, மாணவர் ஒருவர் அங்கே ஓராண்டு வாழ எவ்வளவு ஆகும் என்பதைக் கூறுவதில்லை. அந்தக் கணக்கைக் குடும்பமே போட வேண்டியிருக்கிறது.

அது எவ்வாறு அமையும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காணலாம். மாணவி ஒருவருக்குச் சொந்த மாநிலத்துக்கு வெளியே, ஓரிரவு ரயில் பயணத் தொலைவில் உள்ள என்ஐடி ஒன்றில் பி.டெக். இடம் கிடைத்திருப்பதாகக் கொள்வோம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 7 லட்சம் ரூபாய். என்ஐடிகளில் பி.டெக். கல்விக் கட்டணம் 2016-ல் ஆண்டுக்கு 70,000 ரூபாயிலிருந்து 1.25 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 5 லட்சம் ரூபாய். இனி வரும் மற்ற தொகைகள் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஐந்து லட்சம் பன்னிரண்டரை லட்சமாவது எப்படி?

முதலில் நிறுவனமே வசூலிக்கும் பிற கட்டணங்கள் உள்ளன. தேர்வு, நூலகம், ஆய்வகம், மருத்துவக் காப்பீடு, சேர்க்கையின்போது ஒருமுறை செலுத்துபவை ஆகியவற்றுக்கு முதலாண்டில் 25,000, பின்னர் ஆண்டுக்கு 15,000 என வைத்தால் மொத்தம் 70,000 ரூபாய்.

அடுத்தது விடுதியும் மெஸ்ஸும். முதலாண்டில் இரண்டும் சேர்த்து 70,000 ரூபாய் எனக் கொள்வோம். இங்கேதான் பலரும் தவறுகின்றனர். கல்விக் கட்டணம் பல ஆண்டுகள் அசையாமல் நின்று, பிறகு ஒரே தாவலில் உயரும். மெஸ் கட்டணமோ அரிசி, எண்ணெய், காய்கறி விலையுடன் ஆண்டுதோறும் ஏறும். ஆண்டுக்கு ஏழு சதவீதம் ஏறினால் நான்காம் ஆண்டில் 86,000 ரூபாயைத் தொடும். நான்காண்டுத் தொகை 2.8 லட்சம் அன்று, 3.11 லட்சம். சேர்க்கைச் சீட்டில் காணப்படும் மெஸ் தொகை பல இடங்களில் முன்பணம் மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். பருவ இறுதியில் உண்மையான கணக்குப் பார்த்து, மீதியைக் கட்டச் சொல்வார்கள். அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் சென்ற ஆண்டு மெஸ்ஸுக்கு மொத்தம் எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்பதே இந்த எண்ணை அறிய நம்பகமான வழி.

மடிக்கணினி 60,000 ரூபாய். புத்தகம், நகல், ஆய்வகப் பொருள்கள் ஆண்டுக்கு 8,000 ரூபாய். இவை பலரும் எதிர்பார்ப்பவையே. எதிர்பார்க்காதவை இனி வருபவை.

கைச்செலவு: கைப்பேசிக் கட்டணம், சலவை, சோப்பு, மெஸ் மூடிய நாள்களில் வெளியுணவு, உடை, மருந்து ஆகியவற்றுக்கு மாதம் 3,500 ரூபாய் என்றால் பத்து மாதங்களுக்கு 35,000 ரூபாய். ஆண்டுதோறும் சற்றே கூட்டினால் நான்காண்டில் 1.52 லட்சம் ரூபாய். எடுத்துக்காட்டில் மூன்றாவது பெரிய இனம் இதுவே. ஆனால் எந்தக் கட்டணச் சீட்டிலும் இதற்கு ஒரு வரி இருப்பதில்லை.

ஆண்டுக்கு மூன்று முறை ஊருக்கு வந்து செல்லும் ரயில் செலவும், முதல்முறை பெற்றோர் உடன் சென்று தங்கும் செலவும் சேர்ந்து 62,000 ரூபாய். படுக்கை, வாளி, மிதிவண்டி போன்ற குடிபுகும் செலவு 15,000 ரூபாய். மூன்றாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பெருநகர் ஒன்றில் இரண்டு மாதம் உள்ளிருப்புப் பயிற்சிக்குச் சென்றால் அறை வாடகையும் உணவுமாக 40,000 ரூபாய். உதவித்தொகை தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அது மாத இறுதியில்தான் கைக்கு வரும், அறைக்கான முன்பணம் முதல் நாளே வேண்டும். இறுதியாண்டில் வேலைவாய்ப்பு நேர்காணல், மேற்படிப்புத் தேர்வு விண்ணப்பம், பயணம் எனச் சுமார் 20,000 ரூபாய்.

எல்லாவற்றையும் கூட்டினால் 12.62 லட்சம் ரூபாய். ஐந்து லட்சம் எனப் பேசப்பட்ட படிப்பில் கல்விக் கட்டணத்தின் பங்கு நாற்பது சதவீதம் மட்டுமே. ஆண்டுவாரியாகப் பார்த்தால் முதலாண்டில் 3.60 லட்சம், இரண்டாமாண்டில் 2.73 லட்சம், மூன்றில் 3.20 லட்சம், நான்கில் 3.09 லட்சம். செலவு சமமாகப் பரவுவதில்லை. சேர்க்கையை ஒட்டிய சில வாரங்களிலேயே மிகப் பெரிய சுமை வந்து விழுகிறது.

கட்டண விலக்கு கிடைத்தால்?

என்ஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைவான குடும்பத்தினருக்கும் கல்விக் கட்டணம் முழுமையாக விலக்கப்படுகிறது. ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை வருமானமுள்ளோருக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கு உண்டு. இது பெரும் உதவிதான். ஆயினும் ‘கட்டணம் இல்லை’ என்பது ‘செலவு இல்லை’ என்று பொருள்படாது. மேற்கண்ட கணக்கில் கல்விக் கட்டணம் முழுவதையும் நீக்கினாலும் 7.62 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம் இதை ஒப்புக்கொள்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் படிப்போருக்குக் கட்டணத்துக்கு அப்பால், வாழ்க்கைச் செலவுக்கும் புத்தகத்துக்கும் மடிக்கணினிக்குமாக முதலாண்டில் 86,000 ரூபாயும் அடுத்த ஆண்டுகளில் 41,000 ரூபாயும் அது வழங்குகிறது. முதலாண்டுக்கு இரட்டிப்புக்கும் மேல் தருவது, சுமை எங்கே விழுகிறது என்பதை அறிந்து செய்யப்பட்ட ஏற்பாடு.

வங்கி எதற்குத் தரும், எதற்குத் தராது?

கடனின் அளவைத் தீர்மானிக்கும் முன் இந்தச் செலவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தையே பெரும்பாலான வங்கிகள் பின்பற்றுகின்றன. அதன்படி கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், தேர்வு மற்றும் நூலகக் கட்டணங்கள் கடனில் அடங்கும். விடுதி கிடைக்காமல் வெளியே தங்க நேர்ந்தால் நியாயமான வாடகையும் உணவும் ஏற்கப்படும். புத்தகம், கருவிகள், கணினி, கல்விச் சுற்றுலா, திட்டப்பணி ஆகியவையும் உண்டு. ஆனால் இவற்றுக்கு, செலுத்த வேண்டிய மொத்தக் கல்விக் கட்டணத்தில் 20 சதவீதம் என்ற உச்சவரம்பு வைக்கப்படுகிறது.

இந்த வரம்பில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் 20 சதவீதம் என்பது ஒரு லட்சம் ரூபாய். மடிக்கணினியும் புத்தகமும் 92,000 ரூபாய்க்குள் அடங்கிவிடுகின்றன. அதே வகுப்பில், மூன்றில் இரண்டு பங்கு விலக்குப் பெற்ற ஏழை மாணவர் செலுத்தும் கட்டணம் 1.67 லட்சம்தான். அவருக்கான வரம்பு சுமார் 33,000 ரூபாய். மடிக்கணினியின் விலைகூட அதில் அடங்காது. கட்டணம் குறையக் குறையக் கணினிக்கான கடனும் குறைகிறது. கணினியின் விலையோ எல்லோருக்கும் ஒன்றுதான். விலக்குப் பெறும் குடும்பங்கள் இந்தத் தொகையை முன்கூட்டியே சேமித்து வைப்பதே பாதுகாப்பு.

பயணச் செலவு வெளிநாட்டுப் படிப்புக்கு மட்டுமே மாதிரித் திட்டத்தில் இடம்பெறுகிறது. உள்நாட்டு ரயில் கட்டணம், கைச்செலவு, குடிபுகும் செலவு, உள்ளிருப்புப் பயிற்சிச் செலவு, நேர்காணல் செலவு ஆகியவற்றுக்கு வங்கி பணம் தராது. எடுத்துக்காட்டில் இவை மொத்தம் 2.89 லட்சம் ரூபாய். கடனில் அடங்குபவை 9.73 லட்சம். இதிலும் உள்நாட்டுப் படிப்புக்கு நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கடன் என்றால் ஐந்து சதவீதத்தைக் குடும்பம் தன் பங்காகச் செலுத்த வேண்டும். வங்கி வட்டாரத்தில் மார்ஜின் எனப்படும் இத்தொகை இங்கே ஏறத்தாழ 49,000 ரூபாய். ஒரே நேரத்தில் செலுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆண்டும் கடன் விடுவிக்கப்படும்போது அதற்குரிய பங்கைச் செலுத்தினால் போதும். ஆக, வங்கி தரக்கூடிய உச்சத்தொகை 9.24 லட்சம். எவ்வளவு கடன் வாங்கினாலும் குடும்பம் ரொக்கமாகத் தந்தே ஆக வேண்டியது 3.38 லட்சம், அதாவது 48 மாதங்களுக்கு மாதம் 7,000 ரூபாய்.

கடன் ஒப்புதலின் அடிப்படை, கல்வி நிறுவனம் அளிக்கும் கட்டண விவரச் சான்றிதழ். அதில் இல்லாத இனத்தை வங்கிக் கிளை கணக்கில் எடுத்துக்கொள்வது அரிது. பல நிறுவனங்கள் முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் குறிப்பிட்டுச் சான்றிதழ் தருகின்றன. விடுதியும் மெஸ்ஸும் தனி நிர்வாகத்தின்கீழ் இருந்தால் அவை முற்றாக விடுபடுவதும் உண்டு. எனவே நான்கு ஆண்டுகளுக்கும், விடுதி மெஸ் உள்பட, ஆண்டுவாரியாகக் கேட்டுப் பெறுவதே சரி. இந்த ஒரு தாளில் விடுபடும் 3 லட்சம் ரூபாய்தான் பின்னாளில் அதிக வட்டியுள்ள தனிநபர் கடனாகவும் நகைக் கடனாகவும் திரும்பி வருகிறது.

படிக்கும்போதே வளரும் கடன்

உச்சத்தொகையைப் பெற முடியும் என்பதாலேயே அதை வாங்கிவிடலாகாது. கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆனால் வட்டி நிற்பதில்லை. அந்தக் காலத்தில் தனி வட்டியாகக் கணக்கிடப்பட்டு, தவணை தொடங்கும் நாளில் அசலுடன் சேர்க்கப்படுகிறது.

ஆண்டு வட்டி ஒன்பது சதவீதம் என்றும், ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் கடன் விடுவிக்கப்படுவதாகவும் கொள்வோம். முதலாண்டில் பெற்ற தொகை ஐந்து ஆண்டுகள் வட்டி சுமக்கிறது. நான்காம் ஆண்டில் பெற்றது இரண்டு ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் 9.24 லட்சத்துக்கு 2.98 லட்சம் வட்டி சேர்ந்து, தவணை தொடங்கும்போது கடன் 12.22 லட்சமாக நிற்கும். பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 15,500 ரூபாய் வேண்டும். திட்டம் அனுமதிக்கும் பதினைந்து ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டால் மாதம் 12,400 ரூபாய். ஆனால் செலுத்தும் மொத்தத் தொகை 22 லட்சத்தைத் தாண்டிவிடும்.

வட்டியைப் படிக்கும் காலத்திலேயே மாதந்தோறும் செலுத்த இயன்றால் அசல் வளராது; அவ்வாறு செலுத்துவோருக்கு ஒரு சதவீதம் வரை வட்டிச் சலுகை அளிக்க மாதிரித் திட்டத்தில் இடம் உண்டு. முதலாண்டில் இது மாதம் 2,000 ரூபாய் அளவில் தொடங்கி, நான்காம் ஆண்டில் 7,000 ரூபாயை நெருங்கும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வித்யாலட்சுமி திட்டம் இக்கணக்கை ஓரளவு மாற்றுகிறது. தொடக்கத்தில் 860 உயர்கல்வி நிறுவனங்கள் இதில் சேர்க்கப்பட்டன. மத்திய அரசு நிறுவனங்கள் அனைத்தும் அடங்கும். பிணைச் சொத்தோ உத்தரவாததாரரோ இன்றிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரையுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் வரை மூன்று சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. நம் மாணவிக்கு இதனால் சுமார் ஒரு லட்சம் ரூபாய் மிச்சமாகும். ஆனால் இந்த மானியம் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டுமே. அரசு நிறுவனங்களில் தொழில்நுட்பப் படிப்பில் சேர்வோருக்கு முன்னுரிமை. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறுவோர் இதைப் பெற முடியாது. தொழிற்கல்வி பயில்வோரில் 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ளோருக்கு அந்தக் காலத்தின் முழு வட்டியையும் ஏற்கும் மத்திய அரசுத் திட்டம் தனியே உள்ளது. மானியம் கைக்கு வரும் எனக் கணக்கிட்டுக் கடனை உயர்த்தாமல், வந்தால் மிச்சம் எனக் கொள்வதே விவேகம்.

தவணையிலிருந்து பின்னோக்கி

அப்படியானால் சரியான கடன் எவ்வளவு? வங்கி எவ்வளவு தரும் என்பதிலிருந்து தொடங்காமல், மாணவியால் எவ்வளவு தவணை செலுத்த இயலும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் துறையில், அந்தக் கல்லூரியில், நடுத்தர மாணவர் ஒருவர் பெறும் தொடக்கச் சம்பளத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் வரும் உச்சச் சம்பளமோ, சிலரின் பெருஞ்சம்பளத்தால் உயர்ந்து நிற்கும் சராசரியோ இதற்கு உதவாது. கல்லூரி ‘மீடியன்’ சம்பளத்தை வெளியிட்டிருந்தால் அதுவே நடுத்தர எண். தேசியத் தரவரிசைக்காக நிறுவனங்கள் சமர்ப்பிக்கும் விவரங்களில் அதைக் காணலாம்.

கைக்கு வரும் சம்பளம் மாதம் 40,000 ரூபாய் எனக் கொள்வோம். புதிய நகரில் வாடகையும் உணவும் போக, கால் பங்கான 10,000 ரூபாயைத் தவணைக்கு ஒதுக்கலாம். ஒன்பது சதவீத வட்டியில், பத்தாண்டில், மாதம் 10,000 ரூபாய் தவணை ஏறத்தாழ 7.9 லட்சம் ரூபாய் கடனை அடைக்கும். வட்டி சேர்ந்து இந்த அளவை எட்டும் என்பதால், படிக்கும்போது வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாயும் தவணை தொடங்கும் நாளில் 132 ரூபாயாக நிற்பதைக் கணக்கில் கொண்டு வகுத்தால், வாங்கக்கூடிய அசல் சுமார் 6 லட்சம். வங்கி தரத் தயாராக இருக்கும் தொகையைவிட இது மூன்றே கால் லட்சம் குறைவு.

எஞ்சும் 6.62 லட்சத்துக்குச் சேமிப்பும் மாத வருமானமும்தான் வழி. கல்லூரியில் சேரும் நாளில் மூன்று லட்சம் கையில் இருந்தால், மீதமுள்ள 3.62 லட்சத்துக்கு மாதம் 7,500 ரூபாய் அனுப்பினால் போதும். மகள் ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும்போதே ஏழு சதவீத வட்டியில் மாதம் 5,500 ரூபாய் தொடர் வைப்பில் போட்டுவந்த குடும்பத்துக்கு அந்த மூன்று லட்சம் நான்கு ஆண்டில் சேர்ந்துவிடும். வைப்பு முதிரும் மாதம் முக்கியம்: ஜூனில் முதிர்ந்தால் சேர்க்கைக்கு உதவும், டிசம்பரில் முதிர்ந்தால் உதவாது. கடன் விண்ணப்பம் ஒப்புதல் பெறும் முன்பே முதல் பருவக் கட்டணத்தைக் கட்ட வேண்டிய நிலை பெரும்பாலும் வரும் என்பதால், முதல் பருவத்தின் மொத்தத் தொகையும் ரொக்கமாக இருப்பது நல்லது. ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால், ஒப்புதலுக்குப் பின் அத்தொகையைத் திருப்பித் தரும் வாய்ப்பு உண்டா எனக் கிளையில் கேட்கலாம்.

ஆறு லட்சம்தான் வேண்டும் என முடிவு செய்தாலும் விண்ணப்பத்தை ஆறு லட்சத்துக்கு அளிக்க வேண்டியதில்லை. கல்விக்கடனில் ஒப்புதல் வேறு, பெறுதல் வேறு. விடுவிக்கப்பட்ட தொகைக்கு மட்டுமே வட்டி உண்டு. பிணையில்லாத் திட்டத்தில் இடம்பெற்ற நிறுவனம் என்றால், சான்றிதழில் உள்ள முழுத் தொகைக்கும் ஒப்புதல் பெற்று, ஒவ்வொரு பருவமும் கல்விக் கட்டணத்தை மட்டும் வங்கியிலிருந்து செலுத்தச் சொல்லி, மெஸ் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டலாம். தந்தைக்கு வேலை போனாலோ, வீட்டில் மருத்துவச் செலவு வந்தாலோ, அந்தப் பருவத்தில் மெஸ் கட்டணத்தையும் கடனிலிருந்து எடுக்கலாம். புதிதாக விண்ணப்பிக்கத் தேவையிராது. பட்டியலில் இல்லாத கல்லூரிகளில் நிலைமை வேறு: 7.5 லட்சத்தைத் தாண்டும் ஒப்புதலுக்கு வங்கிகள் பொதுவாகப் பிணைச் சொத்தைக் கேட்கும் என்பதால், அங்கே எடுக்கப் போகாத தொகைக்காக வீட்டுப் பத்திரத்தை வைப்பது வீண்.

இந்த ஆண்டு ஒரே மாணவர் இரு கல்லூரிகளில் இடம் பெற்று எதைத் தேர்வது எனத் திகைத்தால், இரண்டுக்கும் இதே பத்து இனங்களை ஆண்டுவாரியாக எழுதி அருகருகே வைத்துப் பார்க்கலாம். சொந்த ஊரிலிருந்து பேருந்தில் சென்று வரக்கூடிய, ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் கட்டணமுள்ள தனியார் கல்லூரியில் கல்விக் கட்டணம் 8 லட்சம். மடிக்கணினி, புத்தகம், உள்ளிருப்புப் பயிற்சி, இறுதியாண்டுச் செலவு ஆகியவை அங்கும் அதே 1.52 லட்சம், பேருந்து, கைச்செலவு, பிற கட்டணங்களுக்கு 2 லட்சம் வைத்தால் மொத்தம் 11.5 லட்சம். கட்டணத்தில் மூன்று லட்சம் மலிவாகத் தெரிந்த வெளிமாநில என்ஐடி, முழுச் செலவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாகிறது. படிப்பின் தரமும் வேலைவாய்ப்பும் அந்த ஒரு லட்சத்தை ஈடுசெய்யக்கூடும். ஆனால் மூன்று லட்சம் மிச்சம் என எண்ணிக் கிளம்பிய குடும்பத்துக்கும், ஒரு லட்சம் கூடுதல் என அறிந்து கிளம்பிய குடும்பத்துக்கும் கடன் விண்ணப்பத்தில் எழுத வேண்டிய தொகை ஒன்றாக இராது.